சுவிட்சை எடுத்துட்டேன், சுவர் அப்படியே இருக்கு. இது சரியா?

போன செமஸ்டர் லீவ்ல ஒரு சுவரோட மூணு நாள் உட்கார்ந்திருந்தேன். நிஜச் சுவர் இல்லை, போட்டோல இருக்கும் சுவர். பெரியம்மா பொண்ணு கோயம்புத்தூர்ல இன்டீரியர் டிசைன் பண்றாங்க. ஒரு பெட்ரூம் வேலையை முடிச்சுட்டு, போர்ட்ஃபோலியோவுக்காக ஒரு போட்டோ அனுப்பினாங்க. "டேய், இந்த சுவிட்ச் போர்டு, பிளக் பாயிண்ட், ஏசி எல்லாத்தையும் எடுத்துடு. ஆனா பெயின்ட் அப்படியே இருக்கணும், வழவழன்னு ஆயிடக் கூடாது" என்றார் அக்கா. அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சு சரின்னு சொல்லிட்டேன்.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வருவது ரெண்டு விஷயம். பெயின்ட்டோட தன்மை கெடாம இதைச் செய்ய முடியும், எப்படின்னு சொல்றேன். அப்படிச் செய்ய முடியும் என்பதாலேயே, சில போட்டோக்களில் இதைச் செய்யவே கூடாது. ரெண்டாவதை நம்பணும்னா முதலாவது தெரிஞ்சிருக்கணும், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் முயற்சி: பிளாஸ்டிக் சுவர்

படம் 6000 × 4000 பிக்சல். சுவர் அகலம் சுமார் 4 மீட்டர், அது படத்தோட முழு அகலத்தையும் நிரப்புது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 1.5 பிக்சல். வெளிர் பச்சை கலந்த சாம்பல் நிறம், மேட் எமல்ஷன், ரோலர்ல அடிச்சது. ரோலர்ல அடிச்ச சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்க, ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னச் சின்னப் புடைப்பு இருக்கும். இந்தப் படத்துல ஒவ்வொரு புடைப்பும் 3 முதல் 5 பிக்சல்.

ஜன்னல் இடது பக்கம். அதனால சுவரோட இடது ஓரத்துல வெளிச்சத்தின் அளவு 196, வலது ஓரத்துல 158. 0 கருப்பு, 255 வெள்ளை என்ற கணக்குல சொல்றேன். இந்த ரெண்டு நம்பரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நம்ம புத்தி எங்க போகும்? பைத்தான். ஏசி மேல ஒரு மாஸ்க் வரைஞ்சு, OpenCV-ல `cv2.inpaint`-ஐ ஓட்டினேன். ஏசி மறைஞ்சுது. போன்ல பார்த்த அக்கா "சூப்பர்டா"ன்னாங்க. மறுநாள் லேப்டாப்ல திறந்துட்டு போன் பண்ணாங்க. "அந்த இடத்துல மட்டும் சுவருக்கு பாலிதீன் கவர் போட்ட மாதிரி இருக்கே?"

அவங்க சொன்னது சரி. அந்த ஃபங்ஷன் மாஸ்க்கோட விளிம்புல இருக்கும் நிறத்தை உள்ளே உள்ளே இழுத்துக்கிட்டுப் போகும். கீறல், மெல்லிய எழுத்து மாதிரி ஒல்லியான விஷயங்களுக்கு அது போதும். ஆனா பெரிய பரப்புல புடைப்புகள் அழிஞ்சு வெறும் நிறம்தான் மிஞ்சும். இதை அளந்தும் பார்க்கலாம். சுவர்ல ஒரு சின்னச் சதுரம் எடுத்து, அதுக்குள்ள வெளிச்சம் எவ்வளவு ஏறி இறங்குதுன்னு ஸ்டாண்டர்டு டீவியேஷன் பாருங்க. ஏசியைச் சுத்தி இருந்த சுவர்ல அது 2.1. நான் நிரப்பின இடத்துல 0.6. பாலிதீன் கவர்னு அக்கா சொன்னதோட நம்பர் இதுதான்.

சாக்கெட் சுலபம், ஏசி கஷ்டம். ஏன்?

சாக்கெட்டைக் கழட்டுறதும் ஏசியைக் கழட்டுறதும் ஒரே வேலைன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு, அவ்வளவுதானேன்னு. இல்லை. கணக்கு போட்டுப் பார்த்தா தெரியும்.

6000 பிக்சலுக்கு வெளிச்சம் 38 அளவு குறையுது. சுவிட்ச் பிளேட்டின் அகலம் சுமார் 130 பிக்சல். அந்தத் தூரத்துல வெளிச்சம் மாறுவது 1 அளவு கூட இல்லை. பக்கத்துல இருந்து எந்தத் துண்டை எடுத்து ஒட்டினாலும் பொருந்திடும். ஏசி 85 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 1275 பிக்சல். அதுக்குள்ள வெளிச்சம் 8 அளவு மாறும். பக்கத்துச் சுவரை வெட்டி ஒட்டினா ஒரு ஓரம் பொருந்தும், இன்னொரு ஓரம் சதுரமா ஒரு கறை மாதிரி தெரியும்.

அதனால சுவிட்சுக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கும் GIMP-ல இருக்கும் Heal டூல் போதும். Ctrl-ஐ அழுத்திக்கிட்டு நல்ல சுவர்ல ஒரு கிளிக், அப்புறம் பிளேட் மேல. Heal செய்வது நல்ல ஐடியா: புடைப்பை அங்கிருந்து எடுத்துக்கும், வெளிச்சத்தை இங்க சுத்தி இருக்கும் விளிம்புல இருந்து எடுத்துக்கும். ஆனா ரெண்டு இடத்துல சொதப்பும்.

ஒண்ணு, பிளேட் சுவரை விட்டுக் கொஞ்சம் வெளியே நிற்கும். ஜன்னல் இடது பக்கம்னா, பிளேட்டோட வலது பக்கம் ஒரு மெல்லிய நிழல் விழும். பிரஷ்ஷோட விளிம்பு அந்த நிழல் மேல பட்டுச்சுன்னா, Heal அதையும் சுவரோட வெளிச்சம்னு நம்பி உள்ளே இழுத்துடும். பிளேட் இருந்த இடத்துல அழுக்குக் கை வெச்ச மாதிரி ஒரு கறை வரும். நிழலையும் தாண்டி 20 பிக்சலாவது வெளியே போகணும். ரெண்டாவது, சின்ன பிரஷ்ஷால தேய்ச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. பிளேட்டை விடப் பெரிய பிரஷ், ஒரே ஒரு கிளிக். தேய்க்கத் தேய்க்க புடைப்பு மழுங்கும்.

ரெண்டு சுவிட்ச் பிளேட், ஒரு சாக்கெட், மொத்தம் பத்து நிமிஷம். மீதி மூணு நாளும் ஏசிக்குத்தான் போச்சு.

வெளிச்சம் வேற, புடைப்பு வேற

ஏசிக்கு ஒரே வழி, சுவரை ரெண்டாப் பிரிச்சு யோசிக்கிறது. ஒண்ணு, மெதுவா மாறிக்கிட்டே போகும் வெளிச்சம். இன்னொண்ணு, அந்த வெளிச்சத்து மேல ஏறி இறங்கும் பெயின்ட் தடம். முதலாவதைக் கணக்கு போட்டு உருவாக்கலாம். ரெண்டாவதை உருவாக்க முடியாது, அதே சுவர்ல இருந்து கடன்தான் வாங்கணும்.

யூடியூப்ல பெரும்பாலும் சொல்றது, படத்தை Gaussian Blur பண்ணி அதை வெளிச்சம்னு வெச்சுக்கோ, மீதி எல்லாம் புடைப்பு என்பது. முகத்தை எடிட் பண்ண அது சரியா வரும். இங்க ரெண்டு பிரச்சினை. ஏசி பளிச்னு வெள்ளை. பிளர் பண்ணும்போது அந்த வெள்ளை பக்கத்துச் சுவர்ல கசிஞ்சு, ஏசி போன பிறகும் அது இருந்த இடத்தைச் சுத்தி ஒளிவட்டம் நிக்கும், சாமி படத்துல இருக்குமே அது மாதிரி. இன்னொண்ணு, பெயின்டர் ரோலரை மேலும் கீழும் இழுத்த பட்டைகள். 9 அங்குல ரோலர்னா ஒரு பட்டை சுமார் 340 பிக்சல். அது புடைப்பு மாதிரி சின்னதும் இல்லை, ஜன்னல் வெளிச்சம் மாதிரி பெருசும் இல்லை. சின்ன பிளர்ல அது வெளிச்சம் பக்கம் சேர்ந்துடும், நாம அந்த இடத்தை நிரப்பும்போது காணாமப் போயிடும். கிட்டப் பார்த்தா சரியா இருக்கும், தள்ளி நின்னு பார்த்தா அங்க மட்டும் வெறிச்னு இருக்கும்.

அதனால பிளர் வேணாம்னு முடிவு பண்ணேன். ஏசியைச் சுத்தி 3000 × 2200 பிக்சல் மட்டும் வெட்டி எடுத்தேன். மாஸ்க் போட்ட இடத்தை விட்டுட்டு, மீதிச் சுவர் மேல ஒரு வளைந்த பரப்பைப் பொருத்தினேன். நம்ம லேப்ல கிராஃப்ல புள்ளிகளுக்கு நடுவுல வளைகோடு பொருத்துவோமே, அதையே ரெண்டு திசையில செய்றதுதான். இந்தத் துண்டுல `mask` எங்கெல்லாம் சுவர் இல்லையோ அங்கெல்லாம் 1:

```python
ok = (mask == 0)
h, w = ok.shape
y, x = np.mgrid[0:h, 0:w]
x, y = x / w, y / h
A = np.stack([np.ones_like(x), x, y, x*x, x*y, y*y], -1)
c = np.linalg.lstsq(A[ok][::50], img[ok][::50], rcond=None)[0]
light = A @ c
tex = img - light
```

`light` என்பது அந்தச் சுவர் சுத்தமா இருந்திருந்தா விழுந்திருக்கும் வெளிச்சம். `tex` என்பது மீதி: புடைப்பு, ரோலர் பட்டை, கேமரா நாய்ஸ் எல்லாம் சேர்ந்தது. சீலிங் விளிம்பு, சுவிட்ச், கட்டில் தலைப்பலகை எல்லாத்தையும் `mask`-ல சேர்த்துடணும். ஒரு ஓரத்துல சீலிங் நுழைஞ்சாலே பரப்பு முழுக்க அந்தப் பக்கம் வளைஞ்சுடும்.

ஏசியோட மாஸ்க் செவ்வகம் இல்லை. எனக்கு ஒரு நாள் முழுக்கப் போனது இதுல. ஏசி சுவரை விட்டு ஒரு ஜாண் வெளியே நிற்கும். வலது பக்கமும் கீழேயும் விழும் நிழல் ஓரம் கலைஞ்சு போய் எங்க முடியுதுன்னே தெரியாது. இடது பக்கம் இன்னும் மோசம்: ஏசியோட வெள்ளை உடம்பு ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிச் சுவர் மேல திருப்பி அடிக்கும், அங்க ஒரு மெல்லிய வெளுப்பு இருக்கும். இதைக் கண்டுபிடிக்க Curves-ஐத் திறந்து, சுவரோட அளவுகள் இருக்கும் 150-லிருந்து 200 வரைக்கும் கோட்டைச் செங்குத்தா நிமிர்த்துங்க. சாதாரணமாத் தெரியாத நிழல் எல்லாம் மேகம் மாதிரி கிளம்பி வரும். அந்த மேகத்தைச் சுத்தி மாஸ்க் வரையணும். 1275 × 450-ஆ இருந்த ஏசிக்கு என் மாஸ்க் கடைசியில கிட்டத்தட்ட 1750 × 700 ஆச்சு.

கடன் எங்கிருந்து வாங்குவது

பெயின்ட் தடத்தை எந்த இடத்துல இருந்து எடுக்கலாம்? எங்கிருந்து வேணா எடுக்கலாம்னு நினைச்சுத்தான் நான் முதல்ல ஜன்னல் பக்கத்துச் சுவரை எடுத்தேன். இடது வலமாத் திருப்பியும் போட்டேன், ஒரே பேட்டர்ன் ரெண்டு தடவை வரக் கூடாதுன்னு. ஏதோ தப்பா இருந்துச்சு, என்னன்னு தெரியலை. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. வெளிச்சம் இடது பக்கம் இருந்து வருது, அதனால ஒவ்வொரு புடைப்பும் இடது பக்கம் வெளிச்சமாவும் வலது பக்கம் இருட்டாவும் இருக்கு. திருப்பிப் போட்டதும் இருட்டு இடது பக்கம் வந்துடுச்சு. கண்ணுக்கு அது புடைப்பாத் தெரியாது, குழியாத் தெரியும். சுவரெல்லாம் மேடு, ஏசி இருந்த இடத்துல மட்டும் பள்ளம்.

அதே மாதிரி ஜன்னல் பக்கத்துல வெளிச்சம் விழுற சாய்வும் வேற, அதனால புடைப்போட அழுத்தமும் வேற. சரியான இடம் ஏசிக்கு நேர் கீழே. ஜன்னல்ல இருந்து ஏறக்குறைய அதே தூரம், அதே சாய்வு. ரோலர் மேலும் கீழும் போனதால பட்டையும் அதே நேர்கோட்டுல வரும். என் படத்துல ஏசிக்குக் கீழே, தலைப்பலகைக்கு மேலே தேவையான அளவு சுத்தமான சுவர் இருந்துச்சு. 750 பிக்சல் கீழே இருந்து எடுத்தேன்.

```python
d, g = 750, 0.88
ys, xs = np.nonzero(ac)
out = img.copy()
out[ys, xs] = light[ys, xs] + g * tex[ys + d, xs]
```

`ac` என்பது ஏசியும் அதோட நிழலும் மட்டும் இருக்கும் மாஸ்க். `g` எதுக்குன்னா, கீழ்ச் சுவர்ல ஏற்ற இறக்கம் 2.4, ஏசியைச் சுத்தி 2.1. 2.1-ஐ 2.4-ஆல வகுத்தா 0.88. அவ்வளவு அடக்கினாத்தான் அக்கம்பக்கத்தோட ஒத்துப் போகும். எடுக்கும் இடத்துல பெயின்ட் சொட்டு, ஆணி ஓட்டை எதுவும் இருந்தா முதல்ல Heal பண்ணிடுங்க. ஒரே சொட்டு மேலேயும் கீழேயும் நேரா நின்னா யாரும் கண்டுபிடிச்சுடுவாங்க.

கடைசியா விளிம்பு. மாஸ்க்கோட ஓரத்தை நல்லா அகலமா ஃபெதர் பண்ணினா இணைப்பு தெரியாதுன்னு தோணும். நடப்பது தலைகீழ். சம்பந்தமில்லாத ரெண்டு புடைப்புப் பேட்டர்னைப் பாதிப் பாதியாக் கலந்தா, ஒண்ணு ஏறும் இடத்துல இன்னொண்ணு இறங்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். நடுவுல ஏற்ற இறக்கம் சுமார் 70 சதவீதம்தான் மிஞ்சும். ஏசி இருந்த இடத்தைச் சுத்தி வழவழன்னு ஒரு நாடா ஒட்டின மாதிரி ஆகும். அதனால ஃபெதர் 8 பிக்சலுக்கு மேல வேணாம். வெளிச்சத்துல எங்கயாவது படி தெரிஞ்சா அந்த இடத்துல மட்டும் Heal.

சரியா வந்துச்சான்னு பார்க்க மூணு வழி. முன்ன சொன்ன செங்குத்து Curves-ஐ மறுபடி போட்டுப் பாருங்க. படத்தை 25 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்க, பட்டை விட்டுப் போயிருந்தா அப்பத்தான் தெரியும். அப்புறம் ஸ்டாண்டர்டு டீவியேஷன்: எனக்கு உள்ளே 2.1, வெளியே 2.1. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். அக்கா படத்தைப் பார்த்துட்டு அலமாரியைக் காட்டினாங்க. பளபளன்னு இருந்த அலமாரிக் கதவுல ஒரு வெள்ளைக் கோடு. சுவர்ல இல்லாத ஏசி கதவுல இருந்துச்சு. அதுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

அப்புறம் நடந்தது

அந்தப் போட்டோவை அக்கா வீட்டு ஓனருக்கும் அனுப்பியிருந்தாங்க, மரியாதைக்கு. அவர் ரெண்டு மாசம் கழிச்சு அந்த ஃபிளாட்டை வாடகைக்கு விட்டார். விளம்பரத்துல போட்டது இந்தப் போட்டோதான்.

பெங்களூர்ல இருந்து ஒரு கணவன் மனைவி. நேர்ல வர முடியலை, படம் பார்த்துட்டு 5,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் போட்டாங்க. அந்தச் சுவருக்குன்னு அளவெடுத்த மாதிரி அவங்ககிட்ட ஒரு உயரமான புத்தக அலமாரி இருந்துச்சு. சாமானோட வந்து இறங்கினா, அலமாரி நிற்க வேண்டிய இடத்துல சுவிட்ச் போர்டு, அதுக்கு மேலே ஏசி. அலமாரியை வெச்சா லைட் போட முடியாது. வேற சுவர்ல இடமும் இல்லை. அந்த அம்மா அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டதை அக்கா எனக்குச் சொன்னாங்க: "நாங்க ஜூம் பண்ணிக் கூடப் பார்த்தோங்க. சுவர் சுத்தமாத்தான இருந்துச்சு."

ஜூம் பண்ணிப் பார்த்தாங்க. எனக்கு உறுத்தினது அந்த ஒரு வார்த்தைதான். என் முதல் முயற்சி, அந்த பாலிதீன் சுவர், அதை ஜூம் பண்ணியிருந்தா ஏதோ சரியில்லைன்னு அவங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான் மூணு நாள் உட்கார்ந்து காப்பாத்தினது பெயின்ட்டை மட்டும் இல்லை. அவங்களுக்கு வந்திருக்க வேண்டிய சந்தேகத்தையும் சேர்த்து அழிச்சிருக்கேன்.

அக்கா தரப்புல ஒரு நியாயம் இருக்கு. "என் டிசைன்ல போர்டு அந்த இடத்துலயே இல்லடா, எலெக்ட்ரீஷியன் மாத்தி வெச்சுட்டார். நான் என் ஐடியாவைத்தான் காட்டுறேன்" என்றார். இருக்கட்டும். ஆனா போர்டு எங்க வரணும்னு யோசிக்கிறதும் இன்டீரியர் வேலைதானே? அதை போட்டோல அழிச்சா, தீர்க்காத பிரச்சினையைத் தீர்த்த மாதிரி காட்டுறோம். அது ஐடியான்னா, ஐடியான்னு கீழே எழுதிடலாம். பெயின்ட் நிறத்தைக் காட்டும் கேட்லாக்னா எனக்கு ஆட்சேபமே இல்லை. அதுல யாரும் அந்த அறையை வாங்கப் போறதில்லை, நிறத்தைத்தான் வாங்கப் போறாங்க.

வாடகைக்கோ விற்பனைக்கோ போகும் படத்துல நான் கோடு போடும் இடம் இதுதான்: வீட்டோட போகும் பொருள் படத்துல இருக்கணும். மேசை மேல கிடக்கும் சார்ஜர் ஒயர், துணி, காலண்டர், இதெல்லாம் எடுக்கலாம், சாவி கொடுக்கும்போது அதெல்லாம் இருக்காது. சுவிட்சும் சாக்கெட்டும் சுவருக்குள்ள பைப் போட்டு ஒயர் இழுத்தது, அது வீடு. காலி பண்றவர் கழட்டிக்கிட்டுப் போகும் ஏசின்னா எடுக்கலாமான்னு கேட்பீங்க. அவர் கழட்டின பிறகும் பிராக்கெட் ஓட்டையும் பைப் போன துளையும் அங்கதான் இருக்கும். நான் போட்ட வழவழப்பில்லாத அழகான சுவர் அங்க எப்பவுமே இருக்கப் போறதில்லை.

இது என்னோட தனிப்பட்ட மனசாட்சிப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல 2026 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு. வீடு விற்கும் விளம்பரப் படத்துல ஒரு பொருளைச் சேர்த்தாலோ நீக்கினாலோ, மாத்தியிருக்கோம்னு சொல்லணும், மாத்தாத படத்தையும் பார்க்க வழி வைக்கணும். வெளிச்சம் சரி பண்றது, கோணல் நிமிர்த்துறது, ஓரம் வெட்டுறது இதெல்லாம் அதுல சேராது. எனக்கு இந்தப் பிரிப்பு நியாயமாப் படுது. வெளிச்சத்தைச் சரி பண்ணினா அறை அதே அறைதான். சாக்கெட்டை எடுத்தா வேற அறை.

நம்ம காலேஜ்ல பாக்கெட் மணிக்கு எடிட்டிங் பண்றவங்க நிறைய பேர் இருக்கீங்க. ஒரு படத்துக்கு சில நூறு ரூபாய், யாரு எதுக்குக் கேட்கிறாங்கன்னு நாம விசாரிக்கிறதில்லை. நானும் விசாரிக்கலை. இப்போ சுவர்ல இருந்து எதையாவது எடுக்கச் சொன்னா ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்த அறையில யாராவது குடி வரப் போறாங்களா? ஆமான்னா, எடுக்க மாட்டேன், வெளிச்சம் மட்டும் சரி பண்ணித் தரேன். இல்லைன்னா எடுத்துட்டு, படத்தோட கீழ் ஓரத்துலயே "சுவிட்ச், ஏசி நீக்கப்பட்ட படம்"னு சின்னதா எழுதித் தரேன். ஃபைல் பேர்ல எழுதினா பத்தாது, வாட்ஸ்அப்ல ரெண்டு கை மாறினா பேர் போயிடும்.

அந்த 5,000 ரூபாய் ரெண்டு வாரம் கழிச்சு அவங்களுக்குத் திரும்பி வந்துச்சாம். லாரி வாடகை வரலை. ஓனர் இப்போ விளம்பரத்துல ஒரிஜினல் போட்டோவைத்தான் போட்டிருக்கார். அதுல ஏசி இருக்கு, ரெண்டு சுவிட்ச் பிளேட் இருக்கு, ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டும் இருக்கு. முதல் வாரமே மூணு பேர் கேட்டாங்களாம். ஏசி இருக்கும் வீடுதான் அவங்களுக்கு வேணுமாம்.